கடன் சொப்பனம் கண்ட தம்பிக்கு

விடியக்காலைச் சொப்பனம் பலிக்கும்னு உங்க அம்மாயி சொல்லிடுச்சாம். அதுக்காகப் பல்லுகூட விளக்காம புக்கிட் ரோத்தான்ல இருந்து மோட்டார முறுக்கிக்கிட்டு இங்க வந்து நிக்கிற. உக்காரு. தே கலக்கச் சொல்றேன். குடிச்சுக்கிட்டே சொல்லு, எவ்வளவு கடன்?

தொகை தெரியாதா? சரி, யாருக்குக் கடன்? மூஞ்சி தெரியலயா? என்னடா இது, பேங்க்காரன்கூட லெட்டர் போடறப்ப இந்த ரெண்டையும் எழுதித்தான்டா போடுவான்.

பெரிய மேசையாம், அதுமேல தடியா ஒரு புத்தகமாம். ஒருத்தன் பக்கத்தப் புரட்டிப் புரட்டி "இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு"ங்கிறானாம். இவரு மோட்டாரக் கொடுத்துட்டாராம், அம்மா சங்கிலியக் கழட்டிக் கொடுத்துட்டாராம், அப்பவும் தீரலயாம். நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தப் புத்தகம் எந்தப் பக்கம் பாத்து விரிஞ்சிருந்துச்சு? அவன் பக்கமா, உன் பக்கமா?

அவன் பக்கம். அதான பாத்தேன். பயப்படாத தம்பி, இது உன் சொப்பனமே இல்ல. எங்க தாத்தாவுக்கு வர வேண்டியது, விலாசம் மாறி உனக்கு வந்துருச்சு. இந்தக் கோல சிலாங்கூர் வட்டாரத்துல லயத்துல படுத்துப் பொரண்ட அத்தன பேருக்கும் ஒரு காலத்துல இந்தச் சொப்பனம் வந்திருக்கும். அப்ப அவங்க கண்ணத் திறந்துக்கிட்டே கண்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்க தாத்தா பத்தாங் பெர்ஜுந்தை பக்கத் தோட்டத்துக்கு வந்தது 1920கள்ல. இப்ப பெஸ்தாரி ஜெயாங்கிறீங்களே, அதே ஊருதான். கூட்டியாந்தது அவங்க ஊரு கங்காணி. அதுக்கும் முன்னால வந்தவன் கப்பல் ஏறுறப்பவே கடன்காரனாத்தான் ஏறுவான். ஊருல செட்டியார் கடைப் பாக்கிய அடைச்சது, ரயில் காசு, கப்பல் காசு, கட்டியிருக்கிற வேட்டி, கைல இருக்கிற சட்டி, எல்லாம் கங்காணி கணக்குல அவன் பேருல ஏறியிருக்கும். கரைல கால் வைக்கிறதுக்குள்ள பல மாசச் சம்பளம் போயிருக்கும்.

1907ல வெள்ளக்காரன் ஒரு ஏற்பாடு பண்ணுனான். தமிழ்க் கூலிகளை வச்சு வேலை வாங்குற முதலாளிங்க அத்தன பேரும் ஆள் கணக்குக்கு ஒரு வரி கட்டணும். அந்த ஃபண்டுல இருந்து கப்பல் செலவு போகும். இரக்கத்துல பண்ணுனான்னு நெனச்சுக்காத. ஒரு தோட்டம் காசு போட்டுக் கூட்டியாந்த ஆள அடுத்த தோட்டத்துக் கங்காணி ராத்திரியோட ராத்திரியா இழுத்துக்கிட்டுப் போயிடுறான். அந்தத் திருட்ட நிறுத்த, எல்லாரும் சேந்து கட்டுவோம்னு முடிவு பண்ணாங்க. எதுக்காகப் பண்ணியிருந்தாலும் சரி, எங்க தாத்தா வந்த காலத்துல ஏட்டுப்படி ஆள் கடனில்லாமத்தான் இறங்கணும். ஒரு மாசம் நோட்டீசு கொடுத்துட்டு வேற தோட்டத்துக்குப் போகலாம். ஒப்பந்தக் கூலி முறையைக்கூட 1910லயே நிறுத்திட்டாங்க.

அப்ப தாத்தா சுதந்திர மனுசன், இல்லையா? அவரு செத்தது அதே லயத்துலடா. கேட்டா, "கங்காணிக்குக் கணக்கு முடியல"ன்னு சொல்வாராம்.

எப்படி முடியாமப் போகும்னு கேளு. நீ ஷா ஆலம் ஃபேக்டரில அக்கவுண்டு பாக்குறவன்தான, உனக்குப் புரியும். கங்காணிக்குத் தலைக்காசுன்னு ஒண்ணு உண்டு. அவன் ஆள் ஒருத்தன் பெரட்டுக்கு வந்து வேலைக்குப் போனா, அன்னிக்கு அவனுக்கு ரெண்டு காசு. ஆள் வரலன்னா இல்ல. ஒரு பேச்சுக்கு அவன்கிட்ட நாப்பது பேருன்னு வச்சுக்க. நாளைக்கு எம்பது காசு, இருபத்தஞ்சு நாளைக்கு இருபது வெள்ளி. 1920கள் கடைசில ஆம்பளைக்கு நாள் கூலி 50 காசு, பொம்பளைக்கு 40. அதே இருபத்தஞ்சு நாள் விடியறதுக்கு முன்ன எழுந்து பால் வெட்டுன எங்க தாத்தாவுக்கு முழுசாக் கிடைச்சாலும் பன்னண்டரை வெள்ளி. மரத்தையே தொடாத கங்காணிக்கு இருபது.

இப்ப கடனுக்கு வா. இதுவும் பேச்சுக்குத்தான். தாத்தா பேருல பதினஞ்சு வெள்ளி நிக்குது. மாசம் ரெண்டு வெள்ளி பிடிக்கிறான். எட்டு மாசத்துல தீரணும், சரியா? தீந்தா என்ன ஆகும்? தாத்தா நோட்டீசக் கொடுத்துட்டு ஈஜோக்குக்கோ ஜெராமுக்கோ கூலி நல்லா இருக்கிற தோட்டத்துக்கு நடையக் கட்டிடுவாரு. கங்காணிக்கு மாசம் அரை வெள்ளி நட்டம். பாட்டியும் கூடப் போனா ஒரு வெள்ளி.

அதனால ஏழாவது மாசம் ஒரு அதிசயம் நடக்கும். கங்காணிக்கு மனசு இளகிடும். லயத்து வாசல்ல வந்து நிப்பான். "ஏம்பா, மூத்ததுக்கு இன்னும் காது குத்தலயே, ஊரு என்ன பேசும்? இந்தா பத்து வெள்ளி, மெதுவாக் கொடு." அத வேணாம்னு சொல்ற தைரியம் எந்த அப்பனுக்குடா வரும்? வாங்கியாச்சு. பழையபடி பன்னண்டு, பதிமூணுல போய் நிக்கும். அது தேயுற நேரத்துக்குத் தீவாளி வரும். அப்புறம் மாரியம்மன் திருவிழா உபயம் வரும், தங்கச்சி கல்யாணம் வரும். ஒவ்வொண்ணுக்கும் கங்காணிதான் முன்னால நிப்பான். தாலிக்குப் பொன்னு எடுத்துக் கொடுத்தவனே அவன்தானாம்.

கவனிச்சியா? வட்டி போட்டு அவன் யாரையும் கொல்லல. வட்டி ஏறிச் செத்தவன் ஊருக்கு ஒருத்தன் இருப்பான், அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். இங்க தந்திரம் தொகைல இல்ல, கொடுக்கிற நேரத்துல இருக்கு. நீ முடிக்கப் போறங்கிறப்ப அவன் நல்லவனாயிடுறான்.

அதுலயும் அவன் வெளி ஆளா இருந்தா ஒரு நாள் எதுத்துப் பேசியிருப்பாங்க. அவன் சொந்த ஊருக்காரன், முறைக்கு மாமனோ பெரியப்பனோ. "உப்பப் போட்டவரு, கூட்டியாந்து ஆளாக்குனவரு"ன்னு தாத்தாவே அவனுக்காகப் பேசுவாரு. கப்பல் காசு ஃபண்டு கொடுத்ததுன்னு தாத்தாவுக்கு யாரும் சொல்லல. சொல்ல வேண்டியவன் கங்காணி. அவன் ஏன் சொல்றான்?

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல இன்னும் அழகா வச்சிருந்தாங்க. துண்டுன்னு ஒரு சீட்டு. இத்தன ரூவா கட்டிட்டா இந்த ஆளுங்கள விட்டுர்றோம்னு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பாரு. கங்காணி அந்தத் துண்டத் தூக்கிக்கிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போயி, இன்னும் கொஞ்சம் மேல போட்டுக் கேப்பான். புதுத் துரை பழைய கடன அடைச்சு, கங்காணிக்கும் கைல கொஞ்சம் கொடுப்பாரு. அந்த மொத்தமும் யார் தலைல ஏறும்? தோட்டம் மாறுனது கங்காணி, கடன் ஏறுனது கொழுந்து பறிக்கிறவளுக்கு. 1921ல சட்டம் போட்டு அந்தத் துண்ட ஒழிச்சாங்க.

இப்ப உனக்கு ஒரு விடுகதை. 1930ல ரப்பர் விலை தரைல விழுந்துச்சு. தோட்டங்களுக்கு ஆளு வேணாம். என்ன பண்ணுனாங்க? லட்சத்துக்கும் மேல நம்ம சனத்தக் கப்பல் ஏத்தி ஊருக்குத் திருப்பி அனுப்பிச்சாங்க. சரி, அவங்க பேருல இருந்த கடன் என்னாச்சு? ஏழு ஜென்மத்துக்கும் தீராதுன்னு சொன்ன கடனாச்சே! ஒரு கங்காணியும் துறைமுகத்துல நின்னு "பாக்கிய வச்சுட்டு ஏறு"ன்னு மறிச்ச கதைய நான் கேட்டதில்ல. ஆள் வேணும்னா கடன் இருக்கும். ஆள் வேணாம்னா கடன் இல்ல. அப்ப அது என்ன கடன்? முளைக்கயிறுடா அது. மாட்ட வித்துட்டா கயித்த எவன் தேடுறான்?

சிரிக்கிறியா? சிரி, சிரி. தே ஆறுது, குடி.

எங்க அப்பா காலத்துல கங்காணி மங்கிட்டான், தண்டலும் கிராணியும் வந்தாங்க, ஆனா புத்தகம் மட்டும் போகல. கடைல 555 புக்கு வந்துச்சு. சட்டைப் பைக்குள்ள அடங்குற சின்னப் புத்தகம், அட்டைல மூணு அஞ்சு. மலாய்க்காரன், சீனன், நம்மாளு எல்லாரும் கடனுக்கு அதத்தான் சொல்வோம். சம்பள நாள்ல அப்பா நேராக் கடைக்குப் போவாரு. கடைக்காரன் கூட்டிச் சொல்வான், அப்பா கொடுப்பாரு, மிச்சத்துல பாதி கள்ளுக்கடைக்கு. மறுநா காலைல திரும்பவும் அரிசிக்குக் கடைதான். எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஆனா ஒரு வேலை பண்ணும். அரிசி வாங்குற அன்னிக்குச் சமையக்கட்டுச் சுவத்துல கரித்துண்டால ஒரு கோடு, எண்ணெய்க்கு ஒரு புள்ளி. மாசக் கடைசில கோட்ட எண்ணி அப்பாகிட்ட சொல்லி அனுப்பும். ஒரு மாசம் கடைக்காரன் ரெண்டு கோடு கூடச் சொல்லிட்டான். எங்கம்மா என்னத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு நேரா கடைக்குப் போயி, "வாய்யா, வந்து என் சுவத்தப் பாரு"ன்னுச்சு. அதுக்கப்புறம் எங்க கணக்குல அவனுக்குக் கூட்டல் தப்பினதே இல்ல.

நீ படிச்சவன். 1955ல போட்ட வேலைச் சட்டம்னு ஒண்ணு இருக்கே, அத ஒரு தடவை வாசிச்சுப் பாரு. முதலாளி கொடுக்கிற அட்வான்சு பொதுவா முந்தின மாசச் சம்பளத்துக்கு மேல போகக்கூடாது. வீடு, நிலம் வாங்குற மாதிரி சிலதுக்குத்தான் விலக்கு. அட்வான்சுக்கு வட்டி பிடிக்கவே கூடாது. சம்பளத்த மது விக்கிற இடத்துலயும் கடைலயும் வச்சுக் கொடுக்கக்கூடாது, அங்கயே வேலை பாக்குறவனத் தவிர. இதையெல்லாம் எதுக்குடா சட்டத்துல எழுதுறான்? யாரும் பண்ணாத காரியத்தப் பண்ணாதன்னு எவனாவது எழுதுவானா? எங்க தாத்தா, அப்பா கதைய யாரும் புத்தகமாப் போடலன்னு நான் ரொம்ப நாள் கொறைப்பட்டேன். போட்டிருக்கான். "கூடாது, கூடாது"ன்னு தலைகீழா எழுதி வச்சிருக்கான்.

இன்னொண்ணு. அப்பன் பட்ட கடன் மகன் தலைல தானா விழாது. அப்பன் விட்டுட்டுப் போன சொத்து இருந்தா அதுக்குள்ள இருந்து எடுத்துக்கலாம், அவ்வளவுதான். நீ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தா அது வேற. சாதாரணக் கைமாத்துக் கடனுக்கு நம்ம நாட்டுல ஆறு வருஷக் கெடு. அதுக்குள்ள கோர்ட்டுக்குப் போகணும். ஆனா ஒரு கொக்கி இருக்கு. கெடு முடியறதுக்குள்ள நீ பாவம் பாத்து அம்பது வெள்ளி கட்டுனாலோ, "ஆமா, தரணும்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, ஆறு வருஷம் மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும். கடன் கொடுத்தவன் அஞ்சாவது வருஷக் கடைசில திடீர்னு ஃபோன் பண்ணி, "இருக்கிறத ஏதாச்சும் கொடுங்கண்ணே, போதும்"னு குழையறான்னா எதுக்குன்னு நெனைக்கிற? நியாயமா வாங்குன கடனுன்னா மொத்தத்தையும் கொடுத்துரு, நான் ஏமாத்தச் சொல்லல. அவன் எந்த நேரத்துல குழையறாங்கிறதப் பாருன்னு சொல்றேன்.

சரி, இப்ப உன் சொப்பனத்துக்கு வருவோம். பேங்குக் கடனுக்கு உனக்குச் சொப்பனம் வராது. காருக்கு மாசம் இவ்வளவு, இத்தன வருஷம்னு தெரியும். அதுக்கு எரிச்சல் வரும், சொப்பனம் வராது. உன்னப் படுத்துறது வேற புத்தகம். வாயத் திற. உங்க தாய்மாமந்தான?

நான் கண்டுபிடிச்சேன்னு ஆச்சரியப்படாத. போன மாசம் உங்க அக்கா கல்யாணத்துல நானும் பந்தில உக்காந்துதான் சாப்பிட்டேன். மாமன் மைக்கப் பிடிச்சு, "இவன காலேஜ்ல சேத்ததே நான்தான்"னு சொன்னப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். சாம்பாருல கை வச்சபடி கல்லா உக்காந்திருந்த. ரெண்டு வருஷ ஃபீஸு கட்டுனாரு, நல்ல காரியம்தான், நான் கொறை சொல்லல. ஆனா அவரு மகனுக்கு லாரி ஓட்ட ஆள் இல்லன்னா ஞாயித்துக்கிழமை நீ போற. அவரு வீட்டுக் கூரைக்குப் பெயிண்டு நீ அடிக்கிற. ஈப்போல நல்ல வேலை வந்துச்சே, அத ஏன் விட்ட? "மாமா வருத்தப்படுவாரு"ன்ன. அந்த வாரமே மாமா உனக்குப் புதுசா ஒரு ஃபோன் வாங்கிக் கொடுத்தாரு. கொடுத்தாரா இல்லையா?

ஏழாவது மாசம், தம்பி! காது குத்து!

நான் ஒரு வேலை சொல்றேன், செய்றியா? பெஸ்தாரி ஜெயா பஜார்ல இன்னும் 555 புக்கு விக்கிறான். ஒண்ணு வாங்கு. மாமா கட்டுன ஃபீஸு எவ்வளவுன்னு காலேஜு ரசீதப் பாத்து எழுது. ஃபோன் விலையையும் எழுது, விட்டுறாத. அடுத்த பக்கத்துல நீ கொடுத்த காச எழுது. லாரிக்கும் பெயிண்டுக்கும் கூலி போடாத, அது சொந்தத்துக்குச் செஞ்சது. ஆனா தேதிய மட்டும் குறிச்சு வை, பிற்பாடு படிக்கச் சுவாரசியமா இருக்கும். அப்புறம் ஒரு நல்ல நாளாப் பாத்துப் பழத்தத் தட்டுல வச்சு, மாமா முன்னால போயி, "மாமா, மொத்தம் எவ்வளவு ஆச்சு? மாசாமாசம் கொடுத்துர்றேன்"னு கேளு.

கேட்டுட்டு மூஞ்சியப் பாரு. நல்ல மனுசன்னா ஒரு தொகை சொல்வாரு, இல்ல "போடா, அது எப்பவோ முடிஞ்சது"ம்பாரு. முடிஞ்சதுன்னு சொன்னவரு மறுபடி மைக்கப் பிடிக்க மாட்டாரு. ஆனா, "நமக்குள்ள என்னடா கணக்கு"ன்னு சொன்னாருன்னா உஷாரு. இந்த ஊருலயே விலை கூடுன வார்த்தை அதுதான். எங்க தாத்தா அந்த வார்த்தைக்கு முப்பது வருஷம் பால் வெட்டுனாரு.

நன்றி மறக்கச் சொல்றேன்னு உங்கம்மாகிட்ட போயிப் போட்டுக் கொடுத்துறாத. மொய் நோட்டப் பாரு. இன்னார் அம்பது வெள்ளின்னு எல்லாரும் பாக்க எழுதுறான், அவன் வீட்டு விசேஷத்துல நாம திருப்பிச் செய்றோம், யாரும் யாருக்கும் தலை குனியறதில்ல. அவ்வளவு ஏன், பத்துமலைக்கு நீ பால்குடம் நேந்துக்கிட்டியே, எடுத்து முடிச்சதும் முருகன் என்னிக்காச்சும் உன் சொப்பனத்துல வந்து "இன்னும் இருக்கு"ன்னாரா? சாமியே நேர்த்திக்கடன வாங்கிக்கிட்டுக் கணக்க அடைச்சுடுது. அடைக்க மனசு வராதது மனுசனுக்குத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்குடா அந்தப் புத்தகத்துல, அத யாரும் சொப்பனத்துலகூடப் புரட்டுறதில்ல. நாம யாருக்குத் தரணும்னே யோசிக்கிறோம், நமக்கு யாரு தரணும்? கப்பல் செலவுக்குன்னு 1907ல போட்டாங்களே, அந்த ஃபண்டு பிற்பாடு தென்னிந்தியத் தொழிலாளர் நிதின்னு பேரு மாறி 1999 வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் கலைச்சுட்டாங்க, மிச்சம் கவர்மெண்டுக்குப் போச்சு. இந்தப் பக்கத்து அஞ்சு தோட்டத்துச் சனம் ஒரு வீட்டுக்காக எத்தன எலெக்சனப் பாத்துச்சுன்னு உனக்கே தெரியும். காட்ட வெட்டுனவன், ரப்பர நட்டவன், செம்பனைக் கொலையத் தூக்குனவன், அவன் "துரை எனக்கு லயத்துல எடம் கொடுத்தாரு"ன்னு சாகுற வரைக்கும் கும்பிட்டான். துரைக்கு எந்த ராத்திரியாச்சும், எதிர்ல ஒரு பால்வெட்டுக்காரன் புத்தகத்தப் புரட்டிக்கிட்டு "இன்னும் இருக்கு"ன்னு சொல்ற மாதிரி சொப்பனம் வந்திருக்குமா? லண்டன்ல போய்க் கேட்டாத்தான் தெரியும்.

என்ன, கிளம்பிட்டியா? 555 புக்கு வாங்கப் போறியா? ரெண்டா வாங்கு, ஒண்ணு உன் தம்பிக்கு. வர்ற வழில எனக்கு ஒரு கட்டு வெத்தல, பாக்கு, கொஞ்சம் புகையிலை. அப்புறம் ஞாயித்துக்கிழமை லாரி ஓட்டப் போறதில்லன்னு ஆயிருச்சுன்னா, என் வீட்டுப் பின்னால வேலி சாஞ்சு கிடக்கு, ரெண்டு முளை அடிச்சுக் கொடுத்துட்டுப் போ.

காசா? நீ மூணு வயசுல காய்ச்சல்ல கிடந்தப்ப, மழைல உன்னத் தூக்கிக்கிட்டு கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்கு ஓடுனது யாரு? அதெல்லாம் எழுதிக்கிட்டா இருக்கேன்? போடா, நமக்குள்ள என்னடா கணக்கு!